கார்டில் தெரிகிற சொல் காதில் விழமாட்டேன் என்கிறது: ஸ்பானிஷ், ஆங்கி, ஷேடோயிங்

சிங்காநல்லூர் | 3 மார்ச் 2025, இரவு 10.40

பம்பு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் டாக்குமென்ட் பிரிவில் இருக்கிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப ஏழரை. மெக்சிகோ வாடிக்கையாளர்களுக்காக ஸ்பானிஷ் ஆரம்பித்து ஒன்பது வாரம் ஆகிறது. வகுப்பு கிடையாது. யாரோ தயாரித்துப் பொதுவில் வைத்த, அதிகம் புழங்கும் சொற்களின் கார்டுக் கட்டை, இடைவெளி விட்டு விட்டுத் திரும்பக் காட்டும் ஆங்கி என்ற ஆப்பில் இறக்கிக்கொண்டு, தினம் 20 புதுக் கார்டு என்று வைத்தேன். இப்போது 1,140 கார்டு பார்த்தாயிற்று. தினமும் சரியாக 200 மறுபார்வை வருகிறது. போன வியாழனிலிருந்து புதுக் கார்டே காட்டவில்லை. ஏன் என்று புரியவில்லை.

கேள்வி அதுவல்ல. வெள்ளிக்கிழமை ஒரு வாடிக்கையாளர் போனில் "குவாந்தோ வாயெகார் எல் பெதிதோ" என்றார். வாயெகார் என்று ஒரு சொல்லை நான் பார்த்ததே இல்லை. மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன், பிறகு மெயிலில் அனுப்பச் சொன்னேன். மெயிலைப் பார்த்தால் வா, ஆ, யெகார் என்று மூன்று சொல். மூன்றும் என் கார்டில் இருக்கின்றன, மூன்றையும் ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆர்டர் எப்போது வந்து சேரும் என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கார்டை நிறுத்திவிட்டு ஷேடோயிங் மட்டும் செய்யலாமா? ஒரு நாளில் எனக்குக் கிடைப்பது மொத்தமே 45 நிமிடம்.

மனிதவளம் | 4 மார்ச், காலை 9.15

எங்கள் அலுவலகத்தில் ஷேடோயிங் நன்றாகவே பலன் கொடுத்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவரை ஸ்பானிஷ் பேசும் சீனியர் பக்கத்தில் இரண்டு வாரம் உட்கார வைத்தோம். உங்கள் மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

சிங்காநல்லூர் | 4 மார்ச், காலை 9.50

அது வேறு ஷேடோயிங். நான் கேட்டது, ஒலிப்பதிவு ஓட ஓட அரை நொடி பின்னாலேயே நாமும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போகும் பயிற்சி. ஆனால் எங்கள் ஆபீஸில் ஸ்பானிஷ் தெரிந்த சீனியர் ஒருவர் இருந்திருந்தால் அவர் பக்கத்தில் உட்கார எனக்கும் ஆசைதான்.

நாகர்கோவில்காரன் | 4 மார்ச், மதியம் 1.20

கார்டைத் தூக்கிப் போடுங்கள். குழந்தை கார்டு பார்த்தா பேசக் கற்றது? நான் ஒரு வருடமாக வெறும் கேட்பதும் சொல்வதும்தான். உச்சரிப்பில் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். அதிலும் நம் ஊர்க்காரர்களுக்கு ற நன்றாக வரும். ஸ்பானிஷின் இரட்டை ஆர் நம்முடைய றதான்.

மெக்சிகோவாசி | 5 மார்ச், காலை 7.05

கெரேத்தாரோவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 200. உங்களுக்கு வரவேண்டியது 200 இல்லை. ஆங்கி முதலில் தானாக வைத்திருக்கும் உச்சவரம்பு அது. அதற்கு மேல் எத்தனை இருந்தாலும் காட்டாது. வரம்பு மறுபார்வையிலேயே நிரம்பிவிட்டால் புதுக் கார்டையும் நிறுத்திவிடும். புதுச் சொல் வராமல் போனதற்குக் காரணம் அதுதான். கணினியில் `Browse` திறந்து இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்:

```
is:due
is:due prop:due<=-7
```

முதல் வரி மொத்தப் பாக்கியைக் காட்டும். இரண்டாவது, நாள் தவறி ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆனவற்றை மட்டும் காட்டும். எண்ணைச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

வாயெகார் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் ஸ்பானிஷில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒரே உயிராக இருந்தால் இரண்டும் ஒன்றாகவே ஆகிவிடும். யாரும் அவசரத்தில் விழுங்குவதில்லை, நிதானமாகப் பேசுகிறவர்களும் அப்படித்தான் பேசுவார்கள். நாம் "வந்து இருக்கிறேன்" என்பதை வந்திருக்கிறேன் என்று சொல்வது போல. உங்கள் கார்டில் சொற்கள் தனித்தனியாக நிற்பதால் ஒட்டிய வடிவத்தை உங்கள் காது சந்தித்ததே இல்லை. ஷேடோயிங் தீர்ப்பது இதைத்தான். ஆனால் கேட்டதை மூன்று வாரம் கழித்தும் நினைவில் வைத்திருப்பது ஷேடோயிங்கின் வேலையில்லை. நாகர்கோவில்காரர் சொல்வதில் பாதி சரி. குழந்தைக்கு நாள் முழுக்கப் பேச ஆள் இருக்கிறது. உங்களுக்கு 45 நிமிடம்தான் இருக்கிறது.

இன்னொரு கேள்வி. மறந்துபோன சொல்லுக்கு எந்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள்?

சிங்காநல்லூர் | 5 மார்ச், இரவு 9.30

பாக்கி 640. அதில் 212 ஒரு வாரம் தாண்டியவை. பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

பொத்தானைப் பொறுத்தவரை, முழுதாக மறந்தால் `Again`. பொருள் ஏதோ மாதிரி நினைவுக்கு வந்து, திருப்பிப் பார்த்ததும் "ஆமாம், இதுதானே" என்று தோன்றினால் `Hard`. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது `Hard` இருக்கும்.

மெக்சிகோவாசி | 6 மார்ச், காலை 6.50

பெரிய ஓட்டை அதுதான். `Hard` என்றால் சிரமப்பட்டேன், ஆனால் சொல்லிவிட்டேன் என்று பொருள். திருப்பிப் பார்த்த பிறகு வரும் "ஆமாம்" மறதிக் கணக்கில்தான் சேரும். ஆங்கியில் இடைவெளியைக் கணக்கிடும் FSRS முறையைப் போட்டிருந்தால் அது ஒவ்வொரு `Hard`டையும் நினைவிருந்தது என்றே எடுத்துக்கொண்டு, மறந்த சொல்லின் இடைவெளியை நீட்டிக்கொண்டு போகும். பொய்க் கணக்கு எழுதிய பேரேடு மாதிரி. இன்றிலிருந்து மறந்தால் `Again`தான். கண்டிப்பாக இருங்கள்.

பாக்கிக்கு இப்படிச் செய்யுங்கள். புதுக் கார்டை 0 ஆக்குங்கள். தினம் எத்தனை என்று வைக்காமல் 20 நிமிடம் என்று வையுங்கள். ஒரு கார்டுக்கு 9 நொடி என்றால் 140 போகும். புதிது வராததால் நாள்தோறும் சேர்வது நூறுக்குக் கீழே இறங்கும். இரண்டு வாரத்தில் கரை ஏறிவிடலாம்.

இதை நீங்கள் முன்பே தெரிந்துகொண்டிருக்கலாம். தினம் எத்தனை புதுக் கார்டு வைக்கிறோமோ அதைப் போல ஏழு முதல் பத்து மடங்கு மறுபார்வை சில வாரத்தில் வந்து நிற்கும். 20 என்றால் 150, 200. இந்த எண்ணை ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் முடிவு செய்யக் கூடாது. மாதக் கடைசியில் ஒன்பது மணிக்கு வீடு வந்த நாளை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் | 6 மார்ச், மாலை 4.10

எனக்குப் போனில் படித்தால் கண் எரிகிறது. வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டாக வெட்டி, செருப்புப் பெட்டியில் ஐந்து தடுப்பு வைத்து மகள் இருக்கும் ஊருக்காக ஸ்பானிஷ் படிக்கிறேன். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த தடுப்புக்குப் போகும், தப்பினால் முதல் தடுப்புக்குத் திரும்பும். லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972-ல் பரப்பிய முறை. இதில் ஒரு நன்மை உண்டு. பாக்கி எவ்வளவு என்பது தடுப்பின் தடிமனிலேயே தெரியும், பெட்டி எதையும் மறைக்காது. சீட்டுக்கு ஒலி கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேத்தியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

சிங்காநல்லூர் | 19 மார்ச், இரவு 10.15

பாக்கி இன்று பூஜ்யம். நடுவில் `tag:leech` என்று தேடினேன், 31 சொல் நின்றது. எட்டு முறை மறந்தவற்றுக்கு ஆங்கி ஒட்டும் முத்திரை அது. வரிசையாகப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. யெகார், யெவார், யெனார், யாமார். வந்துசேர், கொண்டுபோ, நிரப்பு, அழை. நான்கும் ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே மாதிரி முடிகின்றன. நான்கும் அந்த ஒரே வாரத்தில் எனக்குள் வந்திருக்கின்றன. ஒன்றை ஒன்று கலைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. 31-ஐயும் நிறுத்தி வைத்துவிட்டேன். ஏதாவது ஒரு வாக்கியத்தில் எதிர்ப்பட்டால் அன்றைக்குத் திரும்ப எடுப்பேன்.

ஷேடோயிங் ஆரம்பித்தேன். பஸ்ஸில் வாய் திறக்க முடியாது. காலை ஐந்தே முக்காலுக்குத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற மோட்டார் போடுவோம், நிரம்ப இருபது நிமிடம் ஆகும். அந்த நேரம் மொட்டை மாடியில் நடந்துகொண்டே சொல்கிறேன். கீழ் வீட்டு அக்கா முதல் நாளே மேலே வந்து, காலங்காத்தால யாரோடு சண்டை என்று கேட்டார்.

ஆனால் சரியாக வரவில்லை. கற்பவர்களுக்காக மெதுவாகப் பேசிப் பதிந்த பத்து நிமிட ஒலியை எடுத்தேன். ஒரு வாரத்தில் அதோடு ஓட முடிந்தது. பிறகு மெக்சிகோக்காரர் ஒருவரின் நேர்காணலைப் போட்டால் பழைய கதைதான். இன்னொன்று, என் குரலைப் பதிந்து கேட்டேன். ராகம் சரியாக இருக்கிறது, சொற்கள் பாதிதான் இருக்கின்றன.

மெக்சிகோவாசி | 20 மார்ச், காலை 7.20

மெதுப்பேச்சில் சொற்களைப் பிரித்துப் பிரித்துச் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டிய ஒட்டல் அதில் இருக்காது. இயல்பாகப் பேசிய பதிவை எடுத்து, வேண்டுமானால் 0.75 வேகத்தில் ஓட விடுங்கள். ஒட்டல் அப்படியே இருக்கும், நேரம் மட்டும் நீளும். மூன்றாம் நாள் முழு வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

பத்து நிமிடம் மிக அதிகம். 40 நொடி போதும். எழுத்து வடிவம் கிடைக்கும் பதிவாக இருக்கட்டும். சாதாரணப் பேச்சில் அதற்குள் நூறு சொல் வரும், அதில் ஏழெட்டு உங்களுக்குப் புதிதாக இருக்கும். முதல் நாள் எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேட்டு, எங்கே வழுக்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். பிறகு எழுத்தைப் பார்த்து, வழுக்கிய இடங்களில் ஒட்டியிருப்பதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் எழுத்தை வைத்துக்கொண்டே கூடச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் எழுத்தை மடித்துப் பையில் வைத்துவிடுங்கள். நான்காம் நாள் பதிவு செய்து மூலத்தோடு ஒப்பிடுங்கள். அலெக்சாண்டர் அர்குவெயெஸ் இந்த முறையைப் பரப்பியபோது நிமிர்ந்து, வேகமாக நடந்து, உரக்கச் சொல்ல வேண்டும் என்று வலியுறுத்தினார். உங்கள் மொட்டை மாடி அதற்குப் பொருத்தமான இடம்தான். முணுமுணுத்தால் ராகம் மட்டும்தான் மிஞ்சும். ஒப்பிடும்போது சொற்களின் கடைசியைக் கேளுங்கள். பன்மைக்கு வரும் ஸ், அவர்கள் என்பதற்கு வரும் ன் இரண்டும் உங்கள் வாயில் இருக்கின்றனவா? இல்லையென்றால் நீங்கள் இன்னும் ராகத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

கார்டு இதற்குப் பிறகுதான். நான்காம் நாள், வாய் பழகிய வாக்கியத்திலிருந்து. ஒலியை வாக்கியம் வாக்கியமாக வெட்டி முன்பக்கத்தில் அதை மட்டும் வையுங்கள்.

```
முன்: [sound:pedido_07.mp3]
பின்: ¿Cuándo va a llegar el pedido?
      ஆர்டர் எப்ப வந்து சேரும்?
```

பின்பக்கத்தில் ஆங்கிலம் வேண்டாம். ஸ்பானிஷின் எத்தனையோ வாக்கியம் ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மே குஸ்தா என்பது எனக்குப் பிடிக்கும். மே துவேலே லா கபேஸா என்பது எனக்குத் தலை வலிக்கிறது. "எனக்கு" என்பது அப்படியே உட்காருகிறது. ஆங்கிலம் வழியாகப் போனால் "நான்" என்று தொடங்கித் தடுமாறுவோம்.

நாகர்கோவில்காரன் | 20 மார்ச், இரவு 8.40

இந்தத் தமிழ் யோசனை பிடித்திருக்கிறது. நான் ஏற்கெனவே நோட்டில் எல்லாவற்றையும் தமிழில்தான் எழுதுகிறேன். நாய்க்கு பெற்றோ, ஆனால் என்பதற்கு பெரோ.

மெக்சிகோவாசி | 21 மார்ச், காலை 7.00

பெரோ சரி, நம் ர அப்படியே பொருந்தும். பெற்றோ வேண்டாம். தமிழில் ற இரட்டித்தால் வெற்றி, காற்று என்று வேறு ஒலியாகிவிடுகிறது. உங்கள் ஊரில் அறை, கறி என்று தனி ற-வை அழுத்தி உருட்டுகிறீர்களே, அதுதான் தொடக்கம். அதையே நாக்கு இரண்டு மூன்று முறை துடிக்கும்படி நீட்ட வேண்டும். சொல்லின் முதலில் வரும் ஆரும் அப்படி உருட்டித்தான் சொல்லப்படும், ஒரே எழுத்தாக இருந்தாலும். நமக்கு நிஜமாகவே இலவசமாகக் கிடைப்பது வேறு. பெதிதோ என்று தமிழில் எழுதிப் படித்தாலே நடுவில் உள்ள த "அது" என்பதில் வருவது போல மென்மையாகிவிடும். ஸ்பானிஷிலும் அங்கே அதேதான். ஆங்கிலப் பழக்கத்தில் அதை ட ஆக்காமல் இருந்தால் போதும்.

சிங்காநல்லூர் | 6 ஏப்ரல், காலை 11.30

ஆண்டுக் கணக்கு முடிப்பில் ஐந்து நாள் ஆங்கியைத் திறக்கவே இல்லை. திறந்தபோது பாக்கி 310. இப்போது தினம் 4 புதுக் கார்டுதான் என்பதால் அவ்வளவோடு நின்றது. மூன்று நாளில் தீர்த்தேன். பழைய 20-ல் இருந்திருந்தால் ஆயிரத்தை நெருங்கியிருக்கும், அத்தோடு விட்டிருப்பேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் பக்கத்துப் பெண் போனில் பணம் கட்டிய ரசீதைப் பற்றி ஏதோ சொன்னார். அவர்கள் கணக்காளர் அனுப்பிவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் மெயிலில் தேடினேன். அவர் சொன்னது, இதோ நான் அனுப்புகிறேன் என்று. எழுத்தில் பார்த்தால் வித்தியாசம் இவ்வளவுதான்:

```
mando   அனுப்புகிறேன்
mandó   அனுப்பினார்
```

முதலாவதில் அழுத்தம் முன்னால், இரண்டாவதில் கடைசியில். தமிழில் அழுத்தத்தை மாற்றினால் பொருள் மாறுவதில்லை. அதனால் இப்படி ஒரு வேறுபாடு இருக்கும் என்றே என் காது தேடவில்லை. குறில் நெடில் தவறினால் உடனே பிடித்துவிடுவோம், இது மட்டும் வழுக்கிக்கொண்டு போகிறது. இப்போது இப்படிப்பட்ட இணைகளை மட்டும் இரண்டு கார்டாக, ஒலியை மட்டும் முன்னால் வைத்துச் செய்திருக்கிறேன். பன்னிரண்டு இணை ஆகிவிட்டது. பத்தில் நான்கு இன்னும் தப்புகிறது.

என் கட்டில் எனக்கு மிகப் பிடித்த கார்டு இது:

```
பின்: Se me olvidó adjuntar la factura.
      இன்வாய்ஸை இணைக்க எனக்கு மறந்துவிட்டது.
```

எனக்கு மறந்துவிட்டது! ஒரு சொல் பிசகாமல் நாம் சொல்கிற மாதிரியே இருக்கிறது. இந்த வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை.

டெலே மாணவி | 7 ஏப்ரல், இரவு 11.00

ஒரு கணக்குப் போட்டேன். 40 நொடித் துண்டு வாரத்துக்கு இரண்டு என்றால் 16 கார்டு. வருடத்துக்கு 832. டெலே என்ற ஸ்பானிஷ் தேர்வில் பி1 நிலை எழுத நினைக்கும் எனக்கு இது எப்படிப் போதும்? படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியில் யாரும் ஒட்டிப் பேசப் போவதில்லை. அங்கே சொல் எண்ணிக்கைதான் பேசும். நான் தினம் 15 புதுக் கார்டு போடுகிறேன், காலையில் ஒரு மணி நேரம் ஆகிறது, பரவாயில்லை. அதோடு எல்லாவற்றையும் தமிழிலிருந்து ஸ்பானிஷுக்கும் ஒரு கார்டு போடுகிறேன். கேட்டுப் புரிவது ஒன்று, கேட்டால் வாயில் வருவது இன்னொன்று.

மெக்சிகோவாசி | 8 ஏப்ரல், காலை 6.45

தேர்வுக்கு என்றால் உங்கள் கணக்கு நியாயம்தான். படிக்க மட்டும் வேண்டிய சொல்லுக்கு ஒலிக் கார்டு வீண் உழைப்பு. எதிர்த்திசைக் கார்டு எனக்கு ஒத்துவரவில்லை. "கொண்டுபோ" என்று முன்னால் பார்த்தால் யெவாரும் சரி, வேறு இரண்டும் சரி. எது கார்டின் விடை என்று ஊகிக்கவே நேரம் போனது. ஷேடோயிங்கிலேயே வாய்க்கு வருகிறது என்பது என் அனுபவம்.

டெலே மாணவி | 8 ஏப்ரல், மதியம் 2.15

அதற்குத்தான் முழு வாக்கியமாகப் போட்டு ஒரு சொல்லை மட்டும் மறைக்கிறேன். விடை ஒன்றுதான் வரும். கூடச் சொல்வதில் அடுத்த சொல்லை ஒலி எடுத்துக் கொடுத்துவிடுகிறது. போனில் யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

சிங்காநல்லூர் | 21 ஏப்ரல், இரவு 9.50

மாணவி சொன்னதில் எனக்கு ஒரு இடம் உறைத்தது. கூடச் சொல்லும்போது சரளமாக வரும் வாக்கியம், ஒலியை நிறுத்தினால் பாதியில் நிற்கிறது. ஐந்தாம் நாளுக்கு ஒரு மாற்றம் செய்தேன். வாக்கியத்தின் முதல் இரண்டு சொல் ஓடியதும் ஒலியை நிறுத்திவிட்டு மீதியை நானே சொல்லி, பிறகு ஓடவிட்டுச் சரிபார்க்கிறேன். இது அவர் மறைத்த கார்டுக்கு ஈடா என்று இன்னும் தெரியவில்லை. இரண்டு துண்டுதான் இப்படிச் செய்திருக்கிறேன்.

இப்போதைய நாள்: காலை மாடியில் 20 நிமிடம் ஷேடோயிங். பஸ்ஸில் 12, 15 நிமிடம் மறுபார்வை. ஒலிக் கார்டு ஆதலால் இயர்போன் கட்டாயம். டிரைவர் பாட்டுப் போட்டால் அன்றைக்கு எழுத்துக் கார்டு மட்டும். ஞாயிறு அரை மணி, துண்டு வெட்டிக் கார்டு செய்ய. சொற்களின் பழைய கட்டிலிருந்து வாரத்துக்குப் பத்து மட்டும் எடுக்கிறேன், அதுவும் வேலை மெயிலில் கண்ணில் பட்டவற்றை.

இன்று மதியம் அதே வாடிக்கையாளர். இந்த முறை "யா வா ஸாலீர்" என்றோ என்னவோ தொடங்கினார். வா-வுக்குள் ஒரு ஆ ஒளிந்திருப்பது கேட்டது. கிளம்பப் போகிறதா என்கிறார். சரக்கு புதன்கிழமை தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வேகமாகச் சொன்ன நீளமான ஒரு வாக்கியம் புரியவில்லை. கடைசிச் சொல் மட்டும் அதுவானா, சுங்கம். அந்த அழைப்பில் பதிவு இல்லை. சுங்கத்தைப் பற்றி இயல்பாகப் பேசும், எழுத்து வடிவமும் உள்ள மெக்சிகோ ஒலி யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த 40 நொடி அதுதான்.